அம்லோடிபின் இருந்த இடத்தில் வெராபமில் வந்தால்

கிளினிக் கொப்பியில் அம்லோடிபின் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு மாதம் வெராபமில் என்றோ டில்டியாசெம் என்றோ எழுதி வந்தால், வீட்டில் அதை "பிரஷர் குளிசை மாத்திட்டாங்க" என்ற அளவோடு விட்டுவிடுகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து பாமசிக் கவுண்டர்களில் இந்த மாற்றத்துக்குப் பிறகு வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் இரண்டுதான்: வயிறு போகவில்லை, தலை சுற்றுகிறது. முதலாவது புதுக் குளிசையால் வருகிறது என்று பலருக்குத் தோன்றுவதில்லை. இரண்டாவதை "பிரஷர் கூடிட்டுது" என்று நினைத்து இன்னொரு குளிசையும் போட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. இந்த எழுத்து அந்த இரண்டையும் பற்றியது.

மூன்று மருந்துகளும் ஒரே குடும்பம். தசை சுருங்குவதற்கு அதன் கலங்களுக்குள் கல்சியம் நுழைய வேண்டும். அந்த வாசலை இவை மூன்றும் ஓரளவு அடைக்கின்றன. எந்தத் தசையின் வாசலை அடைக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. அம்லோடிபின் பெரும்பாலும் இரத்தக்குழாய்ச் சுவரோடு நின்றுவிடும். குழாய் விரியும், பிரஷர் இறங்கும், இதயத்தின் வேகத்தை அது நேரடியாகத் தொடாது. வெராபமில் அப்படியல்ல. இதயத்துக்குள் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடத்தையும், மேலறையிலிருந்து கீழறைக்கு அந்தச் சைகை கடந்துபோகும் முடிச்சையும், இதயத் தசையின் பலத்தையும் அது குறைக்கும். டில்டியாசெம் இரண்டுக்கும் நடுவில், ஆனால் வெராபமில் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆகவே வெராபமிலும் டில்டியாசெமும் வெறும் பிரஷர் குளிசைகள் அல்ல. இதயம் தாறுமாறாக வேகமாக அடிக்கிறவருக்கு அதை அடக்கவும், நெஞ்சுவலிக்காரருக்கு இதயத்தின் வேலையைக் குறைக்கவும்தான் இவற்றைக் கூடுதலாக எழுதுகிறார்கள். ஆஸ்துமா இருப்பதால் அட்டினோலோல் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளைக் கொடுக்க முடியாதவர்களுக்கு இவை உண்மையிலேயே பெரிய உதவி.

அம்லோடிபினை விட்டு இவற்றுக்கு வர ஆட்கள் சொல்லும் முதற்காரணம் கணுக்கால் வீக்கம். சிறிய நாடிகள் விரிகின்றன, அதே அளவுக்கு நாளங்கள் விரிவதில்லை. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அமுக்கம் கூடி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்த வீக்கம் அல்ல என்பதால் சலம் போகிற குளிசையால் அது பெரிதாக வற்றாது. 10 மி.கி. எடுக்கிறவருக்கு 5 மி.கி. ஆக்கினாலோ, லொசாட்டன் அல்லது எனலாப்பிரில் ஒன்றைச் சேர்த்தாலோ பலருக்குக் குறைந்துவிடும். வீக்கம் ஒன்றுக்காக மட்டும் ஒருவரை வெராபமிலுக்கு மாற்றுவது எங்கள் பார்வையில் நல்ல பேரம் அல்ல. இதயத்தின் வேகத்தையும் அடக்க வேண்டியிருந்தால் கதை வேறு.

அப்படியான ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் தனி ஒருவர் அல்லர். இதே மாதிரி வருகிறவர்களைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறோம். களுவாஞ்சிக்குடிப் பக்கம், 67 வயது அம்மா. சின்ன வயதிலிருந்தே இழுப்பு, இன்ஹேலர் பாவிக்கிறார். அம்லோடிபின் 10 மி.கி., பின்னேரமானால் கணுக்காலில் விரல் வைத்தால் குழி விழும். நெஞ்சு படபடக்கிறது என்று போனபோது ஈ.சி.ஜி.யில் இதய மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்குவது தெரிந்தது. துடிப்பு நிமிடத்துக்கு 124. எக்கோவில் இதயம் இரத்தத்தைத் தள்ளும் வீதம் 60, அதாவது பம்ப் நன்றாகவே இருக்கிறது. இழுப்பு இருப்பதால் பீட்டா தடுப்பு மருந்து சரிவராது. ஆகவே அம்லோடிபினை நிறுத்தி, மருந்தை மெல்ல மெல்ல விடும் வெராபமில் எஸ்.ஆர். 120 மி.கி., ஒரு கிழமையில் 240 மி.கி. ஆக்கினார்கள். இரத்தம் கட்டிபடாமல் இருக்க வார்பரினும் தொடங்கினார்கள்.

இந்த முடிவில் பிழை ஒன்றுமில்லை. இரண்டு கிழமையில் கால் வீக்கம் வற்றியது, ஓய்விலிருக்கும்போது துடிப்பு 78க்கு வந்தது, படபடப்பு போனது. அதே இரண்டு கிழமைக்குள் வயிறு இறுகியது.

வெராபமில் இதை ஏன் செய்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதும் விளங்கும். பெருங்குடலின் சுவரும் தசைதான், அதற்கும் கல்சியம் வேண்டும். வெராபமில் அந்த வாசலையும் அடைப்பதால் குடல் தள்ளும் வேகம் குறைகிறது. மலம் உள்ளே கூடுதல் நேரம் தங்க, அதிலுள்ள நீரைக் குடல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் வருவது கல்லு மாதிரி வரும். மருந்தின் அளவு கூடக் கூட இதுவும் கூடும், வயது போனவர்களுக்கு இன்னும் கூடுதல். டில்டியாசெமில் இது குறைவு, அம்லோடிபினில் அதைவிடக் குறைவு. பழகினால் போய்விடும் என்று காத்திருக்கவும் ஏலாது. குளிசை உள்ளே போகும் வரை குடலும் மெதுவாகத்தான் இருக்கும். ஆகவே வெராபமில் தொடங்கும் அன்றே வயிற்றுக்கும் ஒரு ஒழுங்கு செய்வதுதான் புத்தி.

அந்த அம்மா செய்தது பலரும் செய்வதுதான். நாலாம் நாள் ஆமணக்கெண்ணெய் குடித்தார். அன்று முழுக்க வயிற்றாலே போனது, பிறகு மூன்று நாள் ஒன்றுமே இல்லை. திரும்பவும் இறுகிவிட்டது என்று நினைத்து இன்னொரு முறை குடித்தார். உண்மையில் முதல் பேதியிலேயே குடல் முழுதும் வெறுமையாகிவிட்டது. அது நிரம்பவே இரண்டு மூன்று நாள் எடுக்கும். அந்த வெற்று நாட்களை மலச்சிக்கல் என்று எண்ணித் திரும்பத் திரும்பப் பேதி எடுத்தால் உடம்பு நீரையும் பொட்டாசியத்தையும் இழக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், தோட்டத்திலோ வயலிலோ வேர்த்து நிற்கிறவருக்கு இது இன்னும் கெதியாக நடக்கும்.

கவுண்டரில் நாங்கள் சொல்வது இதுதான். லக்ரியுலோஸ் பாணி 15 மி.லீ. காலையும் இரவும். இது குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும். குடித்த அன்றே வேலை செய்யாது, இரண்டு நாள் பிடிக்கும். "ஒரு நாள் குடிச்சன், ஒண்டும் நடக்கல்ல" என்று போத்தலை மூடி வைக்கிறவர்கள் அந்த இரண்டு நாளையும் பொறுப்பதில்லை. முதற்கிழமை வயிறு ஊதும், காற்றுப் பிரியும், பிறகு குறையும். இனிப்பாக இருந்தாலும் இந்த அளவில் சலரோகக்காரரும் பாவிக்கலாம். இதற்கும் அசையாவிட்டால் படுக்கப்போகும்போது பிசக்கோடில் 5 மி.கி. ஒன்று, ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தில் வேலை செய்யும். இசப்கோல் உமி நல்லதுதான், ஆனால் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு குடிக்க வேண்டும். குடல் மெதுவாக இருக்கும்போது கொஞ்சத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் அதுவே கட்டியாகி அடைத்துவிடும்.

சாப்பாட்டில் குரக்கன், தவிட்டோடு சிவப்பரிசி, பப்பாசி எல்லாம் உதவும். கீரையில் மட்டும் வார்பரின் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. முருங்கை இலையையும் பொன்னாங்காணியையும் திடீரென்று தினமும் குவித்துச் சாப்பிட்டால் அவற்றிலுள்ள விற்றமின் கே வார்பரினின் வேலையைக் குறைக்கும், அந்த வேலையை அளக்கும் இரத்தச் சோதனையான ஐ.என்.ஆர். இறங்கும். கீரையை விடத் தேவையில்லை. கிழமைக்குக் கிழமை ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் போதும். அதோடு, மலத்தை இறுக்கும் வேறு ஏதும் கொப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள்: இரும்புச்சத்துக் குளிசை, கல்சியம் குளிசை, நித்திரைக்கும் நரம்புவலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், டிரமடோல். வயிறு வீங்கி, காற்றும் பிரியாமல், சத்தியும் வந்தால் அது பாணியால் தீரும் விஷயம் அல்ல, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மலத்தில் இரத்தம் வந்தாலோ உடம்பு மெலிந்துகொண்டு போனாலோ பழியைக் குளிசையில் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது.

ஒரு சின்ன விந்தை: மலம் இறுகி ஆசனவாயில் வெடிப்பு வந்தவர்களுக்குப் பூசக் கொடுக்கும் களிம்புகளில் ஒன்று 2 வீத டில்டியாசெம். உள்ளே போனால் குடலை மந்தமாக்கும் அதே குணம், வெளியே பூசும்போது இறுகிய தசையைத் தளர்த்தி வெடிப்பை ஆறவிடுகிறது.

இனி நாடி. அந்த அம்மாவுக்கு வெராபமில் தொடங்கி இரண்டாம் மாதம் கண் பார்க்கப் போனார். கண்ணின் அமுக்கம் கூட என்று டிமோலோல் துளி கொடுத்தார்கள், காலையும் இரவும். வேறு வருத்தம் உண்டா என்று கேட்டபோது "பிரஷர் மட்டும்தான்" என்றிருக்கிறார். கிளினிக் கொப்பி வீட்டில். நாலைந்து நாளில் எழும்பினால் தலை சுற்றியது, வளவைக் கூட்டினாலே களைத்தது. ஒரு விடியற்காலை மலசலகூடத்தில் முக்கிக்கொண்டிருக்கும்போது கண் இருட்டி விழுந்தார். மகள் நாடியை எண்ணினார்: 44.

என்னென்ன மருந்து என்று கேட்டபோது துளியை அவர் சொல்லவேயில்லை. மகள் ஞாபகப்படுத்தியதும், "அது என்னகா மருந்து, கண்ணுக்கு விடுறதுதானே" என்றார். டிமோலோல் ஒரு பீட்டா தடுப்பு மருந்து. கண்ணில் விட்ட துளி கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது. விழுங்கும் குளிசையைப் போல முதலில் ஈரல் வழியாகப் போய்க் குறைவதில்லை. மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள அதே முடிச்சை ஒரு பக்கம் வெராபமிலும் மறு பக்கம் டிமோலோலும் அமுக்கின. இழுப்புக்காரருக்கு இந்தத் துளி ஏற்கனவே ஆகாது என்பது இன்னொரு பக்கம். மலச்சிக்கலும் இதில் பங்காளிதான்: முக்கும்போது நெஞ்சுக்குள் அமுக்கம் கூடி இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, வழக்கமாக அதை ஈடுசெய்ய நாடி வேகமாகும். வேகமாக முடியாத இதயம் என்றால் ஆள் விழுவார்.

அன்று காலைக் குளிசையைப் போடாமல், 1990 அம்புலன்சுக்கு எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஈ.சி.ஜி. எடுத்து, இரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்தார்கள். இந்த இரத்தச் சோதனை சும்மா அல்ல. வயிற்றாலே போய் நீர் வற்றிச் சிறுநீரகம் தளர்ந்து பொட்டாசியம் ஏறினால், அதுவும் நாடியை மெதுவாக்கும். நாடி மெதுவானால் சிறுநீரகத்துக்கு இரத்தம் இன்னும் குறையும். துளியை நிறுத்தி, வெராபமிலையும் நிறுத்தி வைத்தார்கள். இரண்டு நாளில் நாடி 70க்கு மேல் வந்தது. கண்ணுக்கு லட்டனோபுரொஸ்ட் துளி மாற்றிக் கொடுக்கப்பட்டது. வெராபமிலைத் திரும்ப 120 மி.கி.யில்தான் தொடங்கினார்கள். ஓய்வுத் துடிப்பு இப்போது 90 சொச்சம். இந்த வகை ஒழுங்கற்ற துடிப்பில் ஓய்வில் 110க்குக் கீழே இருந்தால், வேறு தொல்லை இல்லாவிட்டால், பலருக்கு அது போதும். அளவு பாதியானதால் வயிறும் இளகியது.

நாடி எண்ணுவது வீட்டில் ஒருவர் பழகிக்கொள்ள வேண்டிய வேலை. காலையில் குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் முன், ஐந்து நிமிடம் கதிரையில் இருக்க விட்டு, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக உங்கள் நடு மூன்று விரல்களை வையுங்கள். உங்கள் பெருவிரலை வைக்க வேண்டாம், அதன் சொந்தத் துடிப்பு குழப்பும். முழுதாக 60 செக்கன் எண்ணுங்கள். பதினைந்து செக்கன் எண்ணி நாலால் பெருக்கும் குறுக்குவழி ஒழுங்காக அடிக்கும் நாடிக்குச் சரிவரும். தாறுமாறாக அடிக்கும் நாடிக்கு அது பொய் சொல்லும். பிரஷர் மெஷினில் வரும் எண்ணும் அப்படித்தான், பலமில்லாத துடிப்புகளை விட்டுவிடும். எண்ணை நாளோடு சேர்த்து கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். வைத்தியருக்கு உங்கள் வார்த்தையைவிட அந்த வரிசை உதவும்.

50க்கும் 60க்கும் நடுவில் இருந்து, ஆள் நன்றாக இருந்தால் பயப்படத் தேவையில்லை, அடுத்த கிளினிக்கில் சொல்லுங்கள். 50க்குக் கீழே என்றால் அடுத்த குளிசையைப் போடுமுன் வைத்தியரிடம் கேட்க வேண்டும், அன்றே. 40க்குக் கீழே என்றாலோ, எண் எதுவானாலும் மயக்கம், மூச்சு முட்டல், நெஞ்சுவலி இருந்தாலோ நேரே ஆஸ்பத்திரி. இன்னொரு அடையாளத்தைப் பலர் நல்ல செய்தி என்று எண்ணிவிடுகிறார்கள்: ஒழுங்கில்லாமல் அடித்துக்கொண்டிருந்த நாடி திடீரென்று மெதுவாகி, மணிக்கூடு மாதிரி ஒழுங்காக அடிப்பது. சைகை மேலிருந்து கீழே வருவது முற்றாக அடைபட்டு, கீழறை தன்பாட்டில் அடிக்கிறது என்பதாகவும் அது இருக்கலாம். ஈ.சி.ஜி. எடுத்தால்தான் தெரியும்.

நாடி நன்றாக இருக்கும்போது இவற்றைத் தன்பாட்டில் சட்டென்று நிறுத்தவும் கூடாது. அடக்கி வைத்த வேகம் திரும்பப் பாயும், நெஞ்சுவலிக்காரருக்கு வலி திரும்பும். அம்லோடிபின் உடம்பிலிருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் எடுக்கும் என்பதால் ஒரு நாள் மறந்தாலும் தாங்கும். வெராபமிலும் டில்டியாசெமும் சில மணித்தியாலங்களில் பாதியாகிவிடும்.

இந்த இரண்டும் யாருக்கு ஆகாது என்பதில் முதலில் வருவது இதயத்தின் பம்ப் பலவீனமானவர்கள். எக்கோ றிப்போட்டில் தள்ளும் வீதம் 40க்குக் கீழே என்றால் வெராபமிலும் வேண்டாம், டில்டியாசெமும் வேண்டாம். ஏற்கனவே தளர்ந்த தசையை இவை இன்னும் தளர்த்தும். மாரடைப்பு வந்தவர்களுக்கு டில்டியாசெம் கொடுத்துப் பார்த்த 1988ஆம் ஆண்டின் பெரிய ஆய்வில், நுரையீரலில் நீர் தேங்கியிருந்தவர்களுக்கு நன்மைக்குப் பதில் கெடுதல்தான் கூடியது. அதே பலவீனமான இதயக்காரருக்கு அம்லோடிபின் கொடுத்துப் பார்த்து 1996இல் வெளியான ஆய்வில் அது கெடுதல் செய்யவில்லை. ஒரே குடும்பம் என்பதற்காக ஒன்றுக்கு மற்றொன்றை வைக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அடுத்தது, பேஸ்மேக்கர் இல்லாமல் இதயத்தின் சைகைப் பாதையில் இரண்டாம், மூன்றாம் நிலை அடைப்பு உள்ளவர்கள்; துடிப்பைத் தொடங்கும் இடமே நோய்ப்பட்டவர்கள்; மேல் பிரஷர் 90க்குக் கீழே நிற்பவர்கள். பிறவியிலேயே மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இன்னொரு குறுக்குப்பாதை இருந்து, மேலறையும் நடுங்கினால் இவை ஆபத்து. சரியான பாதையை அடைத்துவிட்டு குறுக்குப்பாதையால் எல்லாத் துடிப்பையும் கீழே விட்டுவிடும்.

பிறகு பீட்டா தடுப்பு மருந்துகள். இதுதான் வீட்டிலேயே பிடிக்கக்கூடிய பிழை, காரணம் அவற்றின் பெயர்கள் எல்லாம் "லோல்" என்று முடியும்: அட்டினோலோல், பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல், கார்வெடிலோல், கை நடுக்கத்துக்கும் தைரொயிட்டுக்கும் கொடுக்கும் புரொப்ரனோலோல், கண்ணுக்கு டிமோலோல். அக்கரைப்பற்றில் ஒரு வாப்பாவுக்கு இதய கிளினிக்கில் டில்டியாசெம், தைரொயிட்டுக்கு வேறு இடத்தில் புரொப்ரனோலோல் என்று இரண்டு கொப்பி இருந்தால், இரண்டையும் ஒருவர் கையில் ஒன்றாகக் கொடுக்கும் வரை அது யாருக்கும் தெரியாது. டில்டியாசெமோடு லோல் ஒன்றைச் சில வைத்தியர்கள் தெரிந்தே, குறைந்த அளவில், ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டு கொடுப்பார்கள். வெராபமிலோடு அதைச் செய்வது மிக அரிது. அம்லோடிபினோடு லோல் சேர்ந்தால் பிரச்சினையில்லை, அது வழமையான கூட்டுத்தான்.

டிகொக்சின் எடுப்பவருக்கு வெராபமில் சேர்ந்தால் இரத்தத்தில் டிகொக்சின் ஏறும். அளவைக் குறைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாடி இறங்கும், சத்தி வரும். இருமலுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் வெராபமில், டில்டியாசெம் இரண்டின் அளவையும் இரத்தத்தில் ஏற்றும், ஆகவே வேறு அன்டிபயோட்டிக் கேளுங்கள். சிம்வாஸ்டட்டின் எடுப்பவருக்குத் தசைநோவு வந்தால் அதையும் சொல்லுங்கள்.

கடைசியாக, பெட்டியைப் பார்ப்பது. வெராபமில் எஸ்.ஆர். 240 மி.கி. என்பது நாள் முழுக்க மெல்ல மெல்ல விடும் குளிசை, சாப்பாட்டோடு ஒன்று. அது கடையில் முடிந்து சாதாரண 80 மி.கி. கிடைத்தால், நாளுக்கு மூன்று முறை ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். "மூண்டும் சேர்ந்தா 240 தானே" என்று ஒரேயடியாக விழுங்கினால் ஓரிரண்டு மணித்தியாலத்தில் பிரஷரும் நாடியும் சேர்ந்து விழும். எஸ்.ஆர். குளிசையை இடித்தோ கடித்தோ விழுங்கினாலும் அதேதான் நடக்கும். விழுங்கக் கஷ்டப்படும் ஆச்சிக்கு உரலில் இடித்துக் கொடுக்கிற பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. அப்படியானவர்கள் முதலிலேயே சொன்னால் சாதாரணக் குளிசையாக மாற்றி எழுதலாம். டில்டியாசெத்திலும் 30, 60 மி.கி. நாளுக்கு மூன்று முறை, 90 மி.கி. எஸ்.ஆர். நாளுக்கு இரண்டு முறை என்று வடிவங்கள் பல. டில்டியாசெமும் நித்திரைக்குக் கொடுக்கும் டயசிபாமும் பெயரில் கிட்டக்கிட்ட வருவதால், மருந்து உறையில் கையால் எழுதியதைக் கவுண்டரில் நின்றே ஒருமுறை வாசித்துக் கேளுங்கள். மாற்றியபின் மிஞ்சிய பழைய அம்லோடிபினையும் அதே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் இந்த மூன்று மருந்தையும் எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். ஒரு குழந்தைக்கு இவற்றில் ஒன்றிரண்டே உயிராபத்தாகலாம். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். எஸ்.ஆர். என்றால் விளைவு பல மணித்தியாலம் பிந்தித்தான் தெரியும்.